வெயிலில் கருக்கும் பவர் கண்ணாடி: உள்ளே இருக்கும் கண்ணைப் படத்தில் எப்படிக் கொண்டுவருவது?

வளவுக்காரன்

அடுத்த மாதம் எங்கள் ஐயாவுக்குச் சதாபிஷேகம். பத்திரிகையில் போடவும், அப்புறம் முகப்பில் மாட்டவும் ஒரு நல்ல படம் வேண்டும் என்று அப்பச்சி சொல்லியிருக்கிறார். இடம் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுத் திண்ணை. கிழக்கு பார்த்த வாசல், காலை ஒன்பதரை மணி வாக்கில் எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

சிக்கல் ஐயாவின் கண்ணாடி. வெளிச்சத்துக்கு வந்தால் கருக்கிற போட்டோகிரோமிக் லென்ஸ். அதைக் கழற்றச் சொல்லி எடுத்த படத்தைக் காட்டினால் "இது யாருடா?" என்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, கண்ணாடி இல்லாமல் அவரை நாங்கள் யாருமே பார்த்ததில்லை.

நேற்று ஒரு வெள்ளோட்டம் பார்த்தேன். 85 எம்எம், எஃப் 4. முகத்தில் நேர் வெயில் படவே இல்லை, திண்ணைக் கூரை நிழல்தான். முகம் அருமையாக இருக்கிறது, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சாம்பல் வட்டம். எதிரிலிருந்து ஃபிளாஷ் அடித்தால் கன்னம் வெளுக்கிறது, கண் அப்படியே இருட்டாக நிற்கிறது. ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போகிற பேச்சே இல்லை, வீட்டு வாசலில்தான் எடுக்க வேண்டும். வழி சொல்லுங்கள்.

தேவகோட்டை ரோடு

தம்பி, இதற்கு ஒரு சிபிஎல் ஃபில்டர் வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. கண்ணாடியில் வானம் பிரதிபலிப்பதால்தான் கண் தெரியவில்லை. ஃபில்டரைத் திருப்பத் திருப்பக் கண் பளிச்சென்று வரும். நான் கார் கண்ணாடிக்குள் இருப்பவர்களை அப்படித்தான் எடுக்கிறேன்.

பள்ளத்தூர் ஆச்சி

என் கண்ணாடியும் இதே மாதிரிதான். வாங்கிய புதிதில் வீட்டுக்குள் வந்ததும் தெளிந்துவிடும். இப்போது உள்ளே உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போதுகூட லேசாக மஞ்சள் ஓடிக் கிடக்கிறது. துடைத்தாலும் போகவில்லை. இதற்கு என்ன செய்வது?

கண்ணாடிக்கடை

ஆச்சி, அது அழுக்கில்லை. லென்ஸில் இருக்கும் சாயம் வருஷக்கணக்கில் வெயில் பட்டுப் பட்டுத் தேய்ந்துவிடும். சில வருஷம் ஆனால் முன்போல முழுக்கக் கருக்காது, முழுக்கத் தெளியவும் தெளியாது, ஒரு மஞ்சள் நின்றுவிடும். லென்ஸ் மாற்றுகிற நேரம் வந்துவிட்டது.

வளவுக்காரன், உங்கள் ஐயா லென்ஸ் எத்தனை வருஷம் ஆனது? போட்டோ கிரேயா, பிரவுனா?

வளவுக்காரன்

பிரவுன். போன வருஷம்தான் போட்டது. தூரத்துக்கு பிளஸ் இரண்டரை, கீழே படிக்க டி பைஃபோகல். ஃபிரேம் மட்டும் ரொம்பப் பழசு, தடித்த பிளாஸ்டிக், முழு ரிம்.

நிழல்மேடு

காரைக்குடியில் இந்த வேலைதான் செய்கிறேன், சாந்தி கல்யாணம், சதாபிஷேகம் என்று வாரத்துக்கு ஒரு கண்ணாடி ஐயாவாவது வந்துவிடுவார். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் ஃபிளாஷ் ஏன் உதவவில்லை என்று பாருங்கள். கண்ணைக் கேமரா பார்க்க வேண்டுமென்றால் வெளிச்சம் லென்ஸ் வழியாக உள்ளே போய்க் கண்ணில் பட்டு, அதே லென்ஸ் வழியாகத் திரும்பி வர வேண்டும். அதாவது இரண்டு முறை வடிகட்டுகிறது. லென்ஸ் கால்வாசி வெளிச்சத்தை விடும் அளவுக்குக் கருத்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், உள்ளே போகும்போது கால், வெளியே வரும்போது அதில் கால், மொத்தம் பதினாறில் ஒன்று. கன்னத்தைவிடக் கண் நாலு ஸ்டாப் கீழே. எதிரிலிருந்து எவ்வளவு ஃபிளாஷ் அடித்தாலும் கன்னமும் கண்ணும் சேர்ந்தே ஏறும், நாலு ஸ்டாப் வித்தியாசம் அப்படியே இருக்கும்.

நம்பாவிட்டால் ஒரு வெள்ளைத் தாளை வெயிலில் விரித்து அதன்மேல் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். லென்ஸுக்குக் கீழே தாள் நன்றாகக் கருத்துத் தெரியும். இப்போது கண்ணாடியை ஒரு சாண் தூக்கி, அதன் நிழல் விழாத தாளை அதே லென்ஸ் வழியாகப் பாருங்கள், சட்டென்று வெளுக்கும். முதலில் இரண்டு தடவை வடிகட்டியது, இப்போது ஒரே தடவை.

வழியும் இங்கேதான் இருக்கிறது. கண்ணுக்குப் போகும் வெளிச்சம் லென்ஸைத் தொடாமல், ஃபிரேமுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருக்கும் சந்து வழியாகவோ, காதுப் பக்கத்துச் சந்து வழியாகவோ நுழைந்தால் வெளியே வரும் ஒரு தடவைதான் வடிகட்டும். நாலு ஸ்டாப் பள்ளம் இரண்டாகிவிடும். இரண்டு ஸ்டாப்பை ரா ஃபைலில் தாராளமாகத் தூக்கலாம், நாலைத் தூக்கினால் கண் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குப்பை வரும்.

தேவகோட்டை அண்ணே சொன்ன சிபிஎல் பற்றி: பிரதிபலிப்பை அது குறைக்கும், உண்மைதான். ஆனால் கண்ணாடிப் பரப்பைச் சாய்வாகப் பார்க்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். கார் கண்ணாடி சாய்ந்து கிடக்கிறது, அதனால் உங்களுக்குக் கைகொடுக்கிறது. நேராகக் கேமராவைப் பார்க்கும் முகத்தில் அவ்வளவு பலன் இல்லை. கருத்த லென்ஸை அது வெளுக்க வைக்கவும் செய்யாது.

தேவகோட்டை ரோடு

அப்படியென்றால் நிழலில் உட்கார வைத்தும் ஏன் கருக்கிறது? வெயில் பட்டால்தானே கருக்கும்?

கண்ணாடிக்கடை

வெயிலில் இருக்கும் புற ஊதாதான் கருக்க வைக்கிறது. அது சூரியனிலிருந்து நேராக மட்டும் வருவதில்லை, நீல வானம் முழுக்கச் சிதறி எல்லாப் பக்கமிருந்தும் இறங்குகிறது. நிழலில் நின்றாலும் எதிரில் அகலமான வானம் தெரிந்தால் லென்ஸ் கருக்கும். கண்ணுக்குக் குளுமையாகத் தெரிகிற நிழல் லென்ஸுக்கு நிழலே இல்லை.

இன்னொன்று, லென்ஸின் சூடு. குளிர்ந்தால் அதிகம் கருக்கும், மெதுவாகத் தெளியும். சூட்டில் குறைவாகக் கருக்கும், சீக்கிரம் தெளியும். தரச் சோதனையிலேயே 5, 23, 35 டிகிரி என்று மூன்று சூட்டில் வைத்துத்தான் பார்ப்பார்கள். ஊட்டியில் கூலிங் கிளாஸ் போல ஆகும் அதே லென்ஸ் நம் ஊர்ச் சித்திரையில் அந்த அளவு போகாது. ஆகவே ஐயாவை ஏசி அறையிலிருந்து நேராகக் கூட்டிவந்து உட்கார வைக்காதீர்கள்.

சும்மா வந்தேன்

அப்போ கண்ணாடியை இஸ்திரிப் பெட்டியில் காட்டிச் சூடாக்கிப் போட்டால் கருக்கவே கருக்காதே!

கண்ணாடிக்கடை

சாமி, மேலே இருக்கும் ஏஆர் கோட்டிங் பாளம் பாளமாக வெடித்துப் போகும். வெயிலில் நிறுத்திய கார் டேஷ்போர்டில் வைத்தே பாழான கண்ணாடிகள் என் மேஜைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன.

சும்மா வந்தேன்

இளஞ்சூடாகத்தான் சொன்னேன். உள்ளங்கையில் பொத்தி வைத்தாலே கொஞ்சம் சூடாகுமே.

நிழல்மேடு

உள்ளங்கைச் சூடு படத்தில் தெரியும் அளவுக்கு உதவுமா என்பது சந்தேகம். காற்றில் அரை நிமிஷத்தில் ஆறிவிடும். செய்தால் தப்பில்லை, விரல் ரேகை படாமல் செய்யுங்கள்.

வளவுக்காரன், உங்கள் திண்ணைக்கு வருவோம். ஐயாவைத் தெருவைப் பார்த்து உட்கார வைத்திருப்பீர்கள், சரிதானே? அப்படியானால் லென்ஸ் இரண்டும் எதிர் வானத்தை முழுக்கப் பார்க்கின்றன. கருக்குவதும் அந்த வானம்தான், லென்ஸில் வெள்ளையாகப் படர்வதும் அதுதான். கோட்டிங் இல்லாத லென்ஸ் இரண்டு பரப்பிலும் சேர்த்து விழுந்த வெளிச்சத்தில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். தெளிந்த லென்ஸில் அது பெரிதாக உறுத்தாது. கண்ணிலிருந்து வருவது பதினாறில் ஒன்றாகக் குறைந்த பிறகு, வானத்தின் அந்த 8 சதவீதம் கண்ணையே மூடிவிடும். ஏஆர் கோட்டிங் இருந்தால் ஒரு சதவீதம் அளவுக்கு இறங்கும். லென்ஸைச் சாய்த்துப் பாருங்கள், பச்சையாகவோ ஊதாவாகவோ மின்னினால் கோட்டிங் இருக்கிறது.

நாற்காலியைத் திண்ணை நீளவாக்கில் திருப்பிப் போடுங்கள். தெருவுக்குத் தோளைக் காட்டி, தூண் வரிசையைப் பார்த்து ஐயா உட்காரட்டும். நீங்கள் திண்ணையின் மறு கோடியில் நில்லுங்கள். இப்போது லென்ஸுக்கு எதிரே கூரையும் சுவரும்தான். தெருப் பக்கத்து வானம் பக்கவாட்டில், காதுப் பக்கச் சந்து வழியாகக் கண்ணுக்குப் போகும். தடித்த காதுக் கம்பி என்றால் கொஞ்சம் மறைக்கும். அதனால் முகத்தை ஒரு பத்து டிகிரி தெருப் பக்கம் திருப்பிப் பாருங்கள். அதற்குமேல் திருப்பினால் லென்ஸ் மறுபடியும் வானத்தைப் பிடிக்கும்.

கீழ்ச் சந்துக்கு ஐயாவின் வேட்டியே போதும். காலை வெயில் திண்ணை விளிம்பில் விழும்போது வெயில் கோடு அவர் மடியோடு நின்று நெஞ்சைத் தொடாதபடி நாற்காலியை நகர்த்துங்கள். வெயில் பட்ட வெள்ளை வேட்டி நேர் கீழிருந்து வெளிச்சத்தைத் தூக்கி அடிக்கும். அது ரிம்முக்குக் கீழே நுழைந்து இமைக்கடியில் இருக்கும் இருட்டை எடுக்கும். ரிஃப்ளெக்டரை நெஞ்சுக்கு எதிரே பிடிக்க வேண்டாம், லென்ஸில் அதன் வெள்ளை தெரியும். மடியில் இருப்பது தெரியாது.

தேவகோட்டை ரோடு

கீழிருந்து வெளிச்சம் அடித்தால் பேய்ப்படம் மாதிரி ஆகாதா?

நிழல்மேடு

மடி வெளிச்சம் பக்கத்து வெளிச்சத்தை மிஞ்சினால் ஆகும். மூக்குக்கு மேலே நிழல் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் மடியில் பாதியை ஒரு துண்டால் மூடிவிடுங்கள்.

ரீடச் ராசா

இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஸ்டாண்டில் கேமராவை வைத்துக் கண்ணாடியோடு ஒன்று, கழற்றி ஒன்று எடுங்கள். கண்ணை எடுத்து ஒட்டிவிடலாம். எனக்கு அனுப்பினால் அரைமணி வேலை.

கண்ணாடிக்கடை

பிளஸ் இரண்டரை லென்ஸ் கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டும். கழற்றி எடுத்த கண்ணை அப்படியே ஒட்டினால் கண் சிறுத்துவிடும், ஐயா மறுபடி "இது யாருடா?" என்பார்.

ரீடச் ராசா

சில சதவீதம் பெரிதாக்கித்தான் ஒட்டுவேன், அது தெரிந்த விஷயம். எனக்குத் தொந்தரவு வேறு இடத்தில். கருத்த லென்ஸ் கன்னத்தில் ஒரு பழுப்பு நிழலை விழவைக்கும். கண் தெளிவாக இருந்து கன்னத்தில் அந்த நிழல் இருந்தால் பார்க்கிறவர்களுக்கு எங்கேயோ இடிக்கும். அதையும் வெளுக்க வேண்டும். பைஃபோகல் கோடு இமை மேல் வரும் இடத்தையும் மூலப் படத்திலிருந்தே விட்டுவைக்க வேண்டும்.

வளவுக்காரன்

கண்ணை ஒட்டுவது வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அப்பத்தாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். அதே ஃபிரேமில் வெறும் கண்ணாடி போட்டால்?

கண்ணாடிக்கடை

அதுதான் சுத்தமான வழி. இதே மாதிரி ஃபிரேம் இன்னொன்று இருந்தால் ஏஆர் கோட்டிங்கோடு கருக்காத லென்ஸை இதே பவரில் வெட்டிப் போட்டுவிடலாம், அதிகச் செலவில்லை. ஆனால் பழைய பிளாஸ்டிக் ஃபிரேம் என்கிறீர்கள். அதே மாடல் கிடைக்காது. இருப்பதைச் சூடாக்கி லென்ஸைக் கழற்றி மாட்டும்போது வருஷக்கணக்கில் காய்ந்த பிளாஸ்டிக் விரிசல் விடலாம். சதாபிஷேகத்துக்கு முந்தின மாதம் அந்தப் பொறுப்பை நான் ஏற்க மாட்டேன்.

சும்மா வந்தேன்

வெற்றுக் கண்ணாடி போட்டு எடுப்பதும் கண்ணை ஒட்டுவதும் ஒன்றுதானே? இரண்டுமே ஏமாற்றுதான்.

ரீடச் ராசா

அப்படிப் பார்த்தால் பத்திரிகைப் படத்துக்கு மீசை கறுப்பதும் ஏமாற்றுதான்.

நிழல்மேடு

அந்தச் சண்டையைத் தனியாகப் போடுங்கள். லென்ஸை மாற்றாமலே நேரத்தைக் கையில் வைத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. தெளிந்த லென்ஸ் வெளியே வந்ததும் முதல் அரை நிமிஷத்திலேயே பெரும்பங்கு கருத்துவிடும். மறுபடி தெளிய நிமிஷக்கணக்கில் ஆகும், முழுக்கத் தெளியப் பத்து நிமிஷம் போல விட வேண்டும். எண்பது வயதுக்காரரை உள்ளே வெளியே என்று நடக்க வைக்க முடியாது. நடக்க வேண்டியது கண்ணாடி மட்டும்தான். ஐயா கண்ணாடி இல்லாமல் திண்ணையில் வசதியாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கட்டும். கண்ணாடி கூட்டுக்குள் மூடி, பட்டாலையில் இருக்கட்டும். வெளிச்சம், ஃபோகஸ், முகத் திருப்பம் எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் கூட்டோடு வந்து, திறந்து, மாட்டிவிட்டு விலக வேண்டும். அந்த நொடியிலிருந்து இருபது நொடி உங்களுடையது. அப்புறம் கண்ணாடி கூட்டுக்குள் போய்விடும், ஐயா மோர் குடிக்கட்டும்.

கண்ணாடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். சிலர் காதுக் கம்பியைச் சற்றுத் தூக்கி லென்ஸைக் கீழ்நோக்கிச் சாய்த்து வானப் பிரதிபலிப்பை விரட்டுவார்கள். அது வேலை செய்யும், ஆனால் ரிம்மின் அடி கன்னத்தோடு ஒட்டிக் கீழ்ச் சந்து அடைபடும். உங்கள் திண்ணையில் எதிரே வானம் இல்லாததால் சாய்க்கத் தேவையில்லை.

பள்ளத்தூர் ஆச்சி

எங்கள் வீட்டு வளவுக்கு மேலே மழைக்காகக் கண்ணாடி மாதிரி ஷீட் போட்டிருக்கிறோம். அங்கே உட்கார்ந்தால் வெளிச்சம் வாசல் மாதிரிதான் இருக்கும், என் கண்ணாடி அங்கே பெரிதாகக் கருத்ததில்லை. இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை.

நிழல்மேடு

ஆச்சி, இந்த இழையிலேயே உருப்படியான தகவல் இதுதான்! அது பாலிகார்பனேட் ஷீட்டாக இருக்கும். புற ஊதாவில் பெரும்பகுதியை அது குடித்துவிடும், வெளிச்சத்தை மட்டும் விடும். வளவுக்காரன், உங்கள் வளவு திறந்தா, மூடியா?

வளவுக்காரன்

முதல் கட்டு திறந்துதான் இருக்கிறது, கம்பி வலை மட்டும். இரண்டாம் கட்டில் ஷீட் போட்டிருக்கிறோம். அங்கே எடுத்தால் நல்லதா?

நிழல்மேடு

முதலில் சோதியுங்கள். தெளிந்த கண்ணாடியை அங்கே ஒரு வெள்ளைத் தாள் மேல் வைத்து, லென்ஸின் பாதியைக் கறுப்புத் தாள் துண்டால் மூடி இரண்டு நிமிஷம் விடுங்கள். துண்டை எடுத்ததும் நேர்கோடாக ஒரு நிற வித்தியாசம் தெரிந்தால் அங்கேயும் கருக்கிறது. கோடு கண்ணுக்கே பிடிபடாவிட்டால் அந்த இடத்தில் நிதானமாக எடுக்கலாம். காருக்குள்ளும் கருக்கும் என்று சொல்லி விற்கிற சில லென்ஸ்கள் ஊதா வெளிச்சத்துக்கும் வேலை செய்யும், அவை ஷீட்டுக்குக் கீழும் ஓரளவு கருக்கும். அதனால்தான் சோதிக்கச் சொல்கிறேன்.

வளவுக்காரன்

சோதித்தேன். திறந்த வளவில் கோடு கத்தி போல விழுந்தது. இரண்டாம் கட்டில் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. ஆனால் அங்கே பின்னணியில் தண்ணீர்த் தொட்டியும் வாஷிங் மெஷினும்தான். அப்பச்சி ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார். திண்ணையிலேயே கூட்டு வித்தையைச் செய்தோம்.

ஐயாவுக்குப் பதிலாகத் தம்பியை உட்காரவைத்து நாற்காலி இடம் பார்த்தேன். ஒன்பதே முக்காலுக்கு வெயில் கோடு நெஞ்சிலிருந்து மடிக்கு இறங்கியது. ஐயா வந்தார், அப்பத்தா கூட்டோடு நிலைப்படியில் நின்றார். மாட்டிவிட்டு விலகியதும் தொடர்ந்து எடுத்தேன். ஓட்டிப் பார்த்தால் லென்ஸ் கருத்துக்கொண்டே போவது படம் படமாகத் தெரிகிறது. முதல் சிலவற்றில் கருவிழியும் அதன் ஓரமும் தனித்தனியாக இருக்கின்றன, கடைசியில் பழைய சாம்பல் வட்டம்தான். கண்ணின் வெள்ளைக்குள் தெருப்பக்க வானம் ஒரு சின்னக் கீற்றாக நிற்கிறது. அதை எதிர்பார்க்கவே இல்லை.

நல்ல படத்தில் கன்னத்துக்கும் கண்ணுக்கும் ஒன்றரை ஸ்டாப் போலத்தான் வித்தியாசம். அதை எவ்வளவு தூக்கலாம்?

ரீடச் ராசா

முழுக்கத் தூக்காதீர்கள். லென்ஸ் இரண்டுக்கும் தனித்தனி மாஸ்க் போடுங்கள், தெருப்பக்க லென்ஸ் கூடுதலாகக் கருத்திருக்கும், இரண்டுக்கும் ஒரே அளவு பொருந்தாது. மாஸ்க்கின் ஓரம் ரிம்முக்குள் முடிய வேண்டும், கன்னத்தில் வழிந்தால் ஒளிவட்டம் போல் ஆகும். Exposure ஒரு ஸ்டாப் ஏற்றுங்கள், மீதி அரை இருக்கட்டும். லென்ஸ் இருப்பது தெரிய வேண்டும். பிரவுன் லென்ஸ் என்பதால் கண்ணின் வெள்ளை டீ நிறத்தில் இருக்கும். மஞ்சளைப் பாதி எடுங்கள். முழுக்க எடுத்தால் எண்பது வயது முகத்தில் இருபது வயதுக் கண். வெள்ளைப் படலம் மிச்சம் இருந்தால் அதே மாஸ்க்கில் Dehaze கொஞ்சம்.

வளவுக்காரன்

செய்து ஐயாவிடம் காட்டினேன். கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "நாற்காலி ஏன் கோணலாகக் கிடக்கு?" என்றார்.

சும்மா வந்தேன்

அப்படியே இன்னொன்று. சதாபிஷேகத்தன்று கும்பலாக வாசலில் படம் எடுப்பீர்கள். அதில் பாதிப் பேர் இதே கண்ணாடி. அத்தனை கூட்டுக்கு எங்கே போவது?

நிழல்மேடு

வாசலில் எடுக்காமல் முகப்புக்குள் ஆழமாக, கூரைக்கு அடியில் நிறுத்துங்கள். எல்லாரும் பட்டாலையில் உட்கார்ந்திருந்து கடைசியில் எழுந்து வரட்டும். எல்லாக் கண்ணும் கிடைக்காது. முன் வரிசையில் இருக்கும் பெரியவர்களைப் பாருங்கள், பின் வரிசையை விட்டுவிடுங்கள்.

தேவகோட்டை ரோடு

சிபிஎல் அதில் உதவுமா?

நிழல்மேடு

ஓரத்தில் சாய்ந்து நிற்கிறவர்களுக்குக் கொஞ்சம் உதவும் அண்ணே. முகப்பு நிழலில் ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் அதற்காகப் போகும். கூட்டப் படத்தில் அதை விட்டுக்கொடுக்க நான் தயங்குவேன்.